வெயிலுக்குத் தாங்கும் பலூன் ஆர்ச்

பலூன் ஆர்ச் கட்டுபவர்களுக்கு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, கடையில் வாங்கிய மணிமாலை போல எல்லாம் ஒரே அளவில் வரிசையாக நிற்காமல், பெரிதும் சிறிதும் கலந்து பொங்கி வழிகிற தோற்றம் வர வேண்டும். இன்னொன்று, விருந்தினர் வருவதற்குள் வெயிலில் ஒவ்வொன்றாக வெடித்துவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனிப் பிரச்சினைகளாக எடுத்துக்கொள்வதால்தான் வேலை கூடுகிறது. உண்மையில் இரண்டுக்கும் தீர்வு ஒரே இடத்தில், பம்பின் முனையில் இருக்கிறது. ஒரே பாக்கெட் பலூனை வெவ்வேறு அளவுக்குக் குறைத்து ஊதினால் அளவுக் கலவை தானாக வரும். அப்படிக் குறைத்து ஊதிய பலூன்தான் வெப்பத்துக்கும் தாங்கும்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு ஆர்ச்சை முதலிலிருந்து கடைசி வரை கட்டப் போகிறோம். சென்னையில் ஒரு வீட்டு மொட்டை மாடி. கத்திரி வெயில் அடிக்கும் மே மாதம். குழந்தையின் முதல் பிறந்தநாள், மாலை ஆறு மணிக்குக் கேக் வெட்டுகிறார்கள். பின்னணித் துணி கட்டுவதற்கு ஏழு அடி உயரம், ஆறு அடி அகலத்தில் ஒரு இரும்பு ஸ்டாண்டு இருக்கிறது. ஆர்ச் இடது பக்கம் தரையிலிருந்து கிளம்பி, மேல் குழாயில் ஓடி, வலது பக்கம் இரண்டு அடி தொங்கி முடிய வேண்டும். உங்கள் இடமும் அளவும் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

நீளமும் எண்ணிக்கையும்

ஆர்ச்சின் நீளத்தைக் கண்ணால் கணிக்க வேண்டாம். ஒரு நூல் கயிற்றை ஸ்டாண்டின் மேல் ஆர்ச் போகும் வழியிலேயே வைத்து, பிறகு அதை எடுத்து அளந்துகொள்ளுங்கள். நம் கணக்கில் இடது பக்கம் ஏழு அடி, மேலே ஆறு, வலது பக்கம் இரண்டு என்று மொத்தம் 15 அடி. கடைகளில் பலூன் ஆர்ச் ஸ்ட்ரிப் என்று கேட்டால் கிடைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை ஒரு சுருள் 5 மீட்டர், அதாவது 16 அடிக்குச் சற்று அதிகம். ஒரு சுருள் போதும். இரு முனைகளிலும் கட்டுவதற்குக் கொஞ்சம் மிஞ்சும்.

எண்ணிக்கைக்கு ஓர் அடிக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்வது எளிது. நடுத்தர அளவுப் பலூன்கள்தான் ஆர்ச்சின் உடல். அவை அடிக்கு ஆறு வேண்டும். சிறியவை அடிக்கு நான்கு. பெரியவை இரண்டு அடிக்கு ஒன்று. 15 அடிக்குக் கணக்கிட்டால் நடுத்தரம் 90, சிறியது 60, பெரியது 8. மொத்தம் 158. இதற்கு மேல் நான்கில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். நூறு பலூனும் ஒரு பட்டையும் சேர்த்து விற்கும் தொகுப்பை வாங்கி 15 அடிக்கு இழுத்தால், பட்டை ஆங்காங்கே வெளியே தெரியும். அந்தத் தொகுப்பு ஒன்பது, பத்து அடிக்குத்தான் நிறைவாக இருக்கும்.

வாங்க வேண்டிய பலூன் மூன்றே வகை. நடுத்தரத்துக்கு 12 இன்ச், சிறியதுக்கு 5 இன்ச், பெரியதுக்கு 18 இன்ச். இவற்றோடு பம்ப், தூண்டில் நரம்பு எனப்படும் மெல்லிய நைலான் நரம்பு, கத்தரிக்கோல், பழைய அட்டைப்பெட்டி ஒன்று.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வெயிலையும் நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, அடர்நீலம், அடர்சிவப்பு ஆகியவை வெயிலை உறிஞ்சி, உள்ளே இருக்கும் காற்றையும் ரப்பரையும் வெளிர் நிறங்களைவிட அதிகமாகச் சூடாக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ரப்பர் பலூன் வெயில் பட்டதும் மேல்பரப்பில் மங்கி, பால் படிந்தது போலாகிவிடும். கண்ணாடி போலத் தெரியும் பலூனிலும் பளபளக்கும் பலூனிலும் இது உடனே தெரியும். பேஸ்டல் என்று கேட்டால் கிடைக்கும் பளபளப்பில்லாத வெளிர் நிறங்களில் அவ்வளவாகத் தெரியாது. மொட்டை மாடிக்கும் திறந்தவெளிக்கும் பேஸ்டல் நல்லது. பளபளப்பு வேண்டுமானால் ஏசி மண்டபத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய சரக்கா என்றும் பார்த்து வாங்குங்கள். ஊதாத பலூனின் வாயை இரு விரலால் இழுத்துப் பாருங்கள். புதியது வழுவழுவென்று நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வரும். பழையது ஒட்டும், அல்லது இழுத்த இடத்தில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். வாங்கியதை பைக்கின் பெட்டியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காமல், பாக்கெட்டைப் பிரிக்காமல் இருட்டான இடத்தில் வையுங்கள்.

வெயிலில் ஏன் வெடிக்கிறது

சூட்டில் காற்று விரிகிறது, அதனால் பலூன் வெடிக்கிறது என்பார்கள். அது பாதி உண்மைதான். எவ்வளவு விரிகிறது என்று கணக்குப் போட்டால் மீதிப் பாதி விளங்கும்.

மின்விசிறி ஓடும் அறையில், 27 டிகிரியில் ஊதுகிறோம் என்று கொள்வோம். வெயிலில் வைத்தபின் உள்ளே காற்று 60 டிகிரி வரை சூடாகிறது என்று சற்றுக் கூட்டியே வைத்துக்கொள்வோம். அப்போதும் காற்றின் கொள்ளளவு கூடுவது சுமார் 11 விழுக்காடுதான். குறுக்களவில் பார்த்தால் நான்கு விழுக்காடுகூட இல்லை. பத்து இன்ச் பலூன் பத்தே காலுக்கும் பத்தரைக்கும் நடுவில் எங்கோ நிற்கும். கண்ணுக்கே தெரியாத இந்த வித்தியாசம் ஏன் பலூனைக் கொல்ல வேண்டும்?

ஏனென்றால் பலூனுக்கு மேற்கொண்டு இடமே இல்லாமல் நாம் ஊதி வைத்திருக்கிறோம். 12 இன்ச் வரை நீளக்கூடிய பலூனை பதினொன்றரைக்கு ஊதினால், அதன் கொள்ளளவில் இன்னும் 13, 14 விழுக்காடுதான் இடம் மிச்சம். வெயில் கேட்பது 11. ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிடும். அதே பலூனைப் பத்து இன்ச்சோடு நிறுத்தினால் மிச்சமிருக்கும் இடம் எழுபது விழுக்காட்டுக்கு மேல். வெயில் தன் 11 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு போகட்டும், பலூனுக்குத் தெரியவே தெரியாது. குறுக்களவில் ஒன்றரை இன்ச் குறைத்ததற்கு இவ்வளவு பலன். கொள்ளளவு குறுக்களவின் முப்படியில் கூடிக் குறைவதால்தான் இது சாத்தியமாகிறது.

வெயில் காற்றை மட்டும் சூடாக்குவதில்லை. ரப்பரையும் தின்கிறது. சூரிய ஒளியும் காற்றில் உள்ள ஓசோனும் இழுபட்ட ரப்பரை அரிக்கின்றன. முன்னே சொன்ன மங்கல் அதன் முதல் அடையாளம். ரப்பர் எவ்வளவு அதிகமாக இழுபட்டு மெல்லியதாக இருக்கிறதோ, அவ்வளவு வேகமாக இந்த அரிப்பு ஓட்டையாக முடியும். இங்கும் குறைத்து ஊதியதே பிழைக்கிறது.

மூன்றாவது காரணம் தொடுகை. வெயிலில் காய்ந்த இரும்புக் குழாய், சொரசொரப்பான கைப்பிடிச் சுவர், தரையில் கிடக்கும் மணல், சூடான ஹாலோஜன் விளக்கு எதுவாக இருந்தாலும், அது படும் ஒரே புள்ளியில் ரப்பர் பலவீனமாகும். காற்றில் ஆர்ச் அசைய அசைய அந்தப் புள்ளி தேய்ந்துகொண்டே இருக்கும்.

அட்டைப்பெட்டியில் அளவுச் சட்டம்

கண் அளவில் ஊதினால் முதல் பத்து பலூன் ஒரு மாதிரியும் கடைசிப் பத்து வேறு மாதிரியும் வரும். ஆகவே ஒரு சட்டம் வேண்டும். அட்டைப்பெட்டியின் பக்கங்களில் நான்கு சதுர ஓட்டைகள் வெட்டுங்கள். ஓட்டையின் பக்க அளவு 10 இன்ச், 8 இன்ச், 4 இன்ச், 15 இன்ச். 15 இன்ச்சுக்குத் தனிப் பெட்டி தேவைப்படலாம். அட்டையின் வெட்டிய ஓரத்தில் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள், பலூன் உரசாது.

வெட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் இன்ச் எல்லா நேரமும் உண்மையாக இருப்பதில்லை. 12 இன்ச் என்று வாங்கியது பத்தரையிலேயே முழு அளவை எட்டிவிடுவதும் உண்டு. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பலூனை எடுத்து, உருண்டையாக இருப்பது மாறிக் கழுத்துப் பக்கம் நீண்டு, பேரிக்காய் வடிவம் வரும்வரை ஊதுங்கள். அந்த வடிவம் வந்தால் அதன் எல்லை வந்துவிட்டது என்று பொருள். அப்போது குறுக்களவை அளந்து, அதில் ஆறில் ஐந்து பங்கை உங்கள் பெரிய நடுத்தர அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 12 இன்ச் எட்டினால் 10. பத்தரைதான் எட்டினால் எட்டே முக்கால். மற்ற அளவுகளையும் அதே வீதத்தில் குறைத்துக்கொள்ளலாம். வெயிலுக்கு இதைவிடக் குறைக்கலாமே தவிரக் கூட்டக் கூடாது.

ஊதும்போது சட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஊதி, பிறகு கழுத்து வழியாகக் காற்றைக் கசியவிட்டு, ஓட்டையின் நான்கு பக்கத்தையும் தொட்டும் தொடாமலும் நுழையும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒருமுறை நீண்டு சுருங்கிய ரப்பர் இன்னும் நல்ல உருண்டையாக நிற்கும். சரியாக ஊதிய பலூனின் கழுத்து மிருதுவாக, இரண்டு விரலுக்கு நடுவில் எளிதாகக் கசங்கும். கழுத்து விறைத்திருந்தால் காற்று அதிகம். முடிச்சுப் போடுவதற்கும் கழுத்தில் நீளம் கிடைக்காது.

மின்சாரப் பம்பு வைத்திருப்பவர்கள் இடையிடையே அதற்கு ஓய்வு கொடுங்கள். தொடர்ந்து ஓடினால் மோட்டார் சூடாகி, வெதுவெதுப்பான காற்றை ஊதும். சட்டத்தில் சரியாக இருந்த பலூன் ஆறியதும் சற்றுச் சிறுத்து, அளவு பிசகும்.

எங்கே ஊதுகிறீர்கள் என்பதும் முக்கியம். குளிரூட்டிய அறையில் ஊதி வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தக் காற்று மாடிக்கு வந்ததும் கூடுதலாக விரியும். மின்விசிறி அறை போதும். முந்தின நாள் இரவே ஊதி முடித்துவிடுவது நல்லது. காற்று நிரப்பிய ரப்பர் பலூன் ஓர் இரவில் பெரிதாகச் சுருங்காது. உற்பத்தியிலேயே குறையுள்ள பலூன்கள் இரவோடு இரவாக வெடித்துத் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டையில் கோத்தபின் வெடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நிரப்புவது வெறும் காற்று மட்டுமே. தெருவில் பறக்கும் பலூன் விற்பவரிடம் வாயு நிரப்பித் தரச் சொல்லாதீர்கள். அது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனாக இருக்கலாம். பக்கத்தில் கேக்கின் மேல் மெழுகுவத்தி எரியப் போகிறது.

பட்டையில் கோப்பது

பட்டையை எடுத்ததும் அதன் துளைகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். வார்த்த பிளாஸ்டிக்கின் பிசிறு எங்காவது கூராக நின்றால், நகம் தேய்க்கும் அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுங்கள். பலூனின் கழுத்து அந்தத் துளையில்தான் மணிக்கணக்கில் உரசப் போகிறது.

ஆர்ச்சை அறையிலேயே கட்டி மாடிக்குத் தூக்கப் போகிறோம் என்பதால், படிக்கட்டின் திருப்பத்தை மனதில் வையுங்கள். 15 அடி ஆர்ச் அதில் திரும்பாது. பட்டையை எட்டு அடி, ஏழரை அடி என்று இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். மேலே போனபின் இரண்டு பட்டைகளின் முனைகளையும் அரை அடி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளைகள் வழியாக நரம்பை ஓட்டிக் கட்டினால் ஒரே துண்டாகிவிடும்.

முதலில் நடுத்தரப் பலூன்கள். 90இல் பாதியை 10 இன்ச்சுக்கும் பாதியை 8 இன்ச்சுக்கும் ஊதி வைத்திருக்கிறீர்கள். பலூனின் முடிச்சைத் துளைக்குள் நுழைத்து மறுபக்கம் இழுங்கள். முடிச்சு துளையில் மாட்டி நிற்க வேண்டும். நழுவி வந்தால் சிறிய துளைக்கு மாற்றுங்கள், அல்லது இன்னொரு முடிச்சுப் போடுங்கள். முதல் பலூன் பட்டையின் முன்பக்கம் என்றால், அடுத்தது பின்பக்கம். இப்படி மாறி மாறி, ஏறக்குறைய இரண்டு இன்ச்சுக்கு ஒரு பலூன் வைத்தால் அடிக்கு ஆறு வந்துவிடும். துளைகள் இன்னும் நெருக்கமாக இருந்தால் இடையில் விட்டுவிட்டுப் போகலாம். முன்னும் பின்னும் வரும் பலூன்கள் ஒன்றையொன்று தள்ளி, பக்கவாட்டிலும் விரிந்து, பட்டையை மூடிவிடும். ஒரே பக்கமாகக் கோத்தால் ஆர்ச் தட்டையாகி, பட்டை முறுக்கிக்கொள்ளும்.

10 இன்ச், 8 இன்ச் இரண்டையும் ஒன்று விட்டு ஒன்று என்று வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் அதுவும் ஒரு வரிசைதான், கண் உடனே கண்டுபிடித்துவிடும். இரண்டு, மூன்று பத்துகள் சேர்ந்து வரட்டும். அடுத்து எட்டுகள் இரண்டு வரட்டும். தரையிலிருந்து கிளம்பும் அடிப்பகுதியிலும் இடது மேல் மூலையிலும் பத்துகளை அதிகமாக வையுங்கள். வலது பக்கம் தொங்கும் வாலில் எட்டுகளை மட்டும் வையுங்கள். இப்போதே ஆர்ச்சுக்கு ஒரு பருமனும் ஒரு மெலிவும் வந்திருக்கும்.

பெரியதும் சிறியதும்

எட்டுப் பெரிய பலூன்களையும் 15 இன்ச்சோடு நிறுத்துங்கள். 18 இன்ச் பலூனுக்கு இதுவும் ஆறில் ஐந்து பங்குதான். இவை எங்கே உட்காருகின்றனவோ அங்கேதான் பார்வை முதலில் போகும். ஆகவே சம இடைவெளியில் பரப்பாதீர்கள். அடிப்பகுதியில் நான்கு, மேல் மூலை வளைவில் மூன்று, வலது வளைவில் ஒன்று. வாலுக்கு ஒன்றும் வேண்டாம். எடை கீழே இருப்பதால் ஆர்ச் தரையில் வேர் பிடித்து எழுந்தது போலத் தெரியும்.

பெரிய பலூனை முடிச்சை மட்டும் நம்பித் துளையில் விடாதீர்கள். கழுத்தில் நரம்பு கட்டி, அந்த நரம்பை இரண்டு துளைகள் வழியாக ஓட்டிப் பட்டையின் பின்புறம் கட்டுங்கள். மாடிக் காற்றில் முதலில் ஆடுவது இதுதான். ஆடினால் பக்கத்துப் பலூன்களையும் தேய்க்கும். அது வரும் இடத்தில் நெருக்கமாக இருந்தால் நடுத்தரப் பலூன் ஒன்றை எடுத்துவிட்டு வையுங்கள். பிதுக்கி நுழைத்தால் வெயிலில் விரிவதற்கு யாருக்கும் இடம் இருக்காது.

கடைசியாகச் சிறியவை. இவற்றை 4 இன்ச்சுக்கு ஊதி, மூன்று மூன்றாகக் கொத்துக் கட்டுங்கள். இரண்டின் கழுத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, மூன்றாவதின் கழுத்தை அந்த முடிச்சில் சுற்றிக் கட்டினால் கொத்து தயார். 60 பலூனுக்கு 20 கொத்துகள். இரண்டு நடுத்தரப் பலூன்கள் சந்திக்கும் பள்ளத்தில் கொத்தைப் பாதி புதையும்படி அமுக்கி, அதன் முடிச்சை உள்ளேயுள்ள நடுத்தரப் பலூனின் கழுத்தில் ஒரு நரம்பால் கட்டிவிடுங்கள். முதலில் பட்டை வெளியே தெரியும் இடங்களை மூடுங்கள். அதன்பின் மிஞ்சும் கொத்துகளைப் பெரிய பலூன்களின் ஓரத்தில் சேர்த்து வையுங்கள். 15 இன்ச்சுக்குப் பக்கத்திலேயே 4 இன்ச் இருந்தால் பெரியது இன்னும் பெரிதாகவும் சிறியது இன்னும் நுணுக்கமாகவும் தெரியும். மேலே புள்ளி வைத்தது போல எல்லா இடத்திலும் ஒவ்வொன்றாக ஒட்டினால் அந்த வேறுபாடு கரைந்துபோகும்.

பலர் சிறியவற்றை க்ளூ டாட் எனப்படும் பசைப் புள்ளிகளால் ஒட்டுகிறார்கள். அறைக்குள் அது சரி. மாடியில் வெப்பம் ஏறியதும் பசை இளகி, பலூன் நழுவி விழும். தரையில் உருண்ட பலூன் மணலில் பட்டு வெடிக்கும். கழுத்தில் கட்டிய கொத்துக்கு அந்த ஆபத்தில்லை. கட்டிமுடித்தபின் முன்புறம் ஓரிரு இடைவெளி மட்டும் தெரிந்தால், நிழலான உள்பக்கத்தில் பசைப் புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

மாடியில் நிறுத்துவது

மே மாதத்தில் சென்னையில் சூரியன் மறைய ஏறக்குறைய மாலை ஆறரை ஆகும். அதாவது கேக் வெட்டும்போதும் மேற்கு வெயில் மாடியில் இருக்கும். ஆகவே ஸ்டாண்டின் முதுகு மேற்கைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். பின்னணித் துணியைத் தடிமனாக, ஒளி ஊடுருவாததாகத் தேர்ந்தெடுத்து ஏழு அடிக்கும் கட்டுங்கள். துணியின் நிழல் ஆர்ச்சின் மேல் விழும். மேல் குழாயைத் தாண்டி எழும்பும் பலூன்களுக்கு மட்டும் வெயில் படும். அதனால் மேல் விளிம்பில் வெளிர்ந்த நிறங்களையே வையுங்கள்.

கிழக்கு நோக்கி நிற்கும் அந்தத் துணியைப் பிற்பகலில் வீசும் கடற்காற்று நேராகத் தள்ளும். ஸ்டாண்டின் இரண்டு கால்களிலும் மணல் மூட்டை வைத்துக் கட்டாமல் ஆர்ச்சை ஏற்ற வேண்டாம்.

ஸ்டாண்டு காலையிலிருந்து வெயிலில் நின்றிருந்தால் குழாய் கொதிக்கும். அதை நிழலில் வைத்திருந்து மாலையில் வெளியே எடுங்கள். முடியாவிட்டால் பலூன் படும் பக்கங்களில் பழைய பருத்தித் துணியைச் சுற்றுங்கள். ஆர்ச்சின் அடி தரையைத் தொடும் இடத்தைப் பெருக்கி, ஒரு போர்வையோ ஜமுக்காளமோ விரித்து, அதன் மேல் நிறுத்துங்கள்.

நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். முந்தின இரவு ஊதுதல். மறுநாள் காலை அறையில் கோத்தல். மாலை நாலரைக்கு இரண்டு துண்டுகளையும் இரண்டு பேர் இரு முனையும் பிடித்து மேலே கொண்டுபோதல். கைப்பிடிச் சுவரில் உரசாமல் போக வேண்டும். பிறகு மேலிருந்து கீழாகக் கட்டுங்கள். மூலை வளைவை முதலில் கட்டி, அடிக்கு ஒன்றாகப் பட்டையை நரம்பால் குழாயோடு பிணைத்துக்கொண்டே இறங்குங்கள். நரம்பு பட்டையின் துளை வழியாகப் போக வேண்டும், பலூனைச் சுற்றிப் போகக் கூடாது. கட்டிய நரம்பின் மிச்ச முனையைப் பின்புறம் மடித்துவிடுங்கள். ஐந்தரைக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். ஆர்ச்சின் மேல் வெளிச்சம் அடிக்க எல்இடி விளக்கு மட்டும் வையுங்கள்.

வெடித்தால் துண்டைப் பாருங்கள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓரிரண்டு வெடிக்கும். உடனே மாற்றுவதற்கு முன், கீழே விழுந்த ரப்பரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாரிசைச் சேர்ந்த இயற்பியலாளர்கள் செபஸ்தியான் மூலினே, மொக்தார் அட்டா பெதியா இருவரும் 2015இல் பலூன் வெடிப்பதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரப்பரில் இழுவிசை குறைவாக இருக்கும்போது குத்தினால் ஒரே கிழிசல் ஓடி, பலூன் பெரிய துண்டாகப் பிரிகிறது. இழுவிசை ஓர் எல்லையைத் தாண்டினால் கிழிசல் ஓடும் வழியிலேயே கிளை கிளையாகப் பிரிந்து, ரப்பர் நாடா நாடாவாகச் சிதறுகிறது. நமக்கு இது நேரடியாகப் பயன்படுகிறது.

கையில் ஒன்றிரண்டு பெரிய துண்டுகள் மட்டும் கிடைத்தால், காற்றின் அளவு சரி, எதுவோ குத்தியிருக்கிறது. அது இருந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். குழாயின் திருகாணியோ, வெட்டிய நரம்பின் முனையோ, பட்டையின் பிசிறோ அங்கே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதியதை வைத்தால் அதுவும் போகும். மெல்லிய நாடாக்களாகச் சிதறியிருந்தால் அந்தப் பலூனில் காற்று அதிகம். ஒன்று அப்படியென்றால் அதனுடன் ஊதிய மற்றவையும் அப்படித்தான் இருக்கும். அதே நிறத்தில் கழுத்து விறைத்திருக்கும் பலூன்களைத் தேடி, வெடிக்கும் முன் நீங்களே மாற்றிவிடுங்கள்.

வேறு இரண்டு அடையாளங்களும் உண்டு. ஒரே நிறம் மட்டும் தொடர்ந்து வெடித்தால் அந்தப் பாக்கெட் பழையது, அல்லது அது அடர்நிறம். மேல் விளிம்பில் மட்டும் வெடித்தால் வெயில் நேராகப் படுகிறது, அந்தப் பக்கம் துணியை ஓர் அடி உயர்த்திக் கட்டுங்கள்.

மாற்றுவதற்கு 8 இன்ச்சுக்கு ஊதிய பத்துப் பலூன்களும், கட்டிவைத்த சிறிய கொத்துகள் நான்கைந்தும் நிழலில் வைத்திருங்கள். கட்டிய ஆர்ச்சில் பட்டையின் துளையைத் தேட வேண்டியதில்லை. இரண்டு பலூன்களை ஒன்றாக முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை இடைவெளிக்குள் தள்ளி, பக்கத்துக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் நின்றுவிடும்.

கீழே விழும் ரப்பர்த் துண்டுகளை அந்தக் கணமே பொறுக்குங்கள். ஆய்வுக்காக மட்டுமல்ல, பிறந்தநாள் குழந்தைக்கு ஒரு வயது. தரையில் கிடப்பது எல்லாம் வாய்க்குப் போகும் வயது அது. வெடித்த பலூன் துண்டும் ஊதாத பலூனும் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைத்துவிடும். எட்டு வயதுக்குக் குறைந்த எந்தக் குழந்தைக்கும் இந்த ஆபத்து உண்டு. மாடியில் ஒருவருக்கு இதையே வேலையாகக் கொடுத்துவிடுங்கள். மீதி பாக்கெட்டுகளைக் கீழ் வீட்டிலேயே பூட்டி வையுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ள விருந்தினர் யாராவது வருகிறார்களா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விழா முடிந்ததும் ஆர்ச்சை இரவிலேயே இறக்கிவிடுங்கள். மறுநாள் காலை வெயிலில் அது ஒவ்வொன்றாக வெடித்து, துண்டுகள் காற்றில் பறந்து பக்கத்து மாடிக்கும் தெருவுக்கும் போகும், மாடு தின்னும். முடிச்சுக்குச் சற்றுக் கீழே தளர்ந்திருக்கும் கழுத்தைக் கத்தரிக்கோலால் மெல்ல வெட்டினால், குறைத்து ஊதிய பலூன் சத்தமில்லாமல் காற்றை விட்டுவிடும். ரப்பரை எல்லாம் ஒரே பையில் போட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். பட்டையை மட்டும் துடைத்துச் சுருட்டி வையுங்கள், அடுத்த விழாவுக்கும் அது உதவும். அதனுடன் அட்டைச் சட்டத்தையும் வைத்து, இந்தமுறை எந்த நிறம் எந்த அளவில் எல்லையை எட்டியது என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்தமுறை அதே சரக்கை வாங்கினால் கணக்கு தயாராக இருக்கும்.